ட்ரைசெப்ஸுக்குக் கையை உயர்த்துங்கள்

கொக்குவிலில் என்னுடன் பயிற்சி செய்யும் தம்பி ஒருவர் மாதக்கணக்காகக் கேபிளைக் கீழே அழுத்தி மட்டுமே ட்ரைசெப்ஸ் செய்தார். மேற்கையின் பின்புறம், அக்குள் பக்கம், நிரம்பவே இல்லை. அங்கிருப்பது நீள்தலை. ட்ரைசெப்ஸின் மூன்று தலைகளில் அது மட்டுமே தோள்பட்டை எலும்பில் தொடங்கித் தோள்மூட்டைக் கடக்கிறது. கை உடலோடு ஒட்டியிருந்தால் அது தளர்ந்தே இருக்கும்; கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் நன்றாக இழுபட்டு, அந்த நிலையிலேயே சுமையைத் தாங்கும். 2022இல் வெளியான 12 வார ஆய்வு ஒன்றில், உயர்த்திப் பயிற்சி செய்த கையில் நீள்தலை 28.5 சதவீதமும் தாழ்த்திப் பயிற்சி செய்த கையில் 19.6 சதவீதமும் பெருத்தது. அதுவும் குறைந்த எடையில்!

தம்பி கீழே அழுத்துவது 25 கிலோ. கையை உயர்த்தி, தலைக்குப் பின்னாலிருந்து கேபிளை மேலே நீட்டுவதை 15 கிலோவில் தொடங்கச் சொன்னேன். கீழிறக்கும்போது முன்கை மேற்கையைத் தொடுமளவு மடங்க வேண்டும். மேற்கை முன்னே சரிந்தால் அந்த இழுவை குறைந்துவிடும். எடை அதிகம் என்பதற்கு அதுவே அடையாளம்.