எப்பவும் நானே கூப்பிட வேண்டியிருந்தது

வெள்ளவத்தைக் கூட்டாளியோடு சந்திப்பு, மெசேஜ் எல்லாம் நானே தொடங்க வேண்டியிருந்தது. பேசாமல் இருந்து பார்த்தேன், அவனும் பேசவில்லை. "பெரிய ஆளாகிட்டாய்" என்று குத்திப் பார்த்தேன். சிரிப்பு ஸ்மைலிதான் வந்தது.

அப்புறம் பழைய சாட்டைப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. கூப்பிட்ட எதற்கும் அவன் மறுத்ததில்லை, நாள் குறித்ததுமில்லை. அக்கறையில்லாதவன் சாக்குச் சொல்லியிருப்பான்.

காலிமுகத்திடலில் நடக்கும்போது நேரில் சொன்னேன்: "மச்சான், உன்னோட கதைச்சா எனக்குச் சந்தோஷம். எப்பவும் நானே கூப்பிடுறது களைப்பா இருக்கு. அடுத்த முறை நீ நாள் சொல்லுறியா?"

'நீ ஒருநாளும் கூப்பிடுறதில்லை' என்று தொடங்கினால் யாரும் நியாயம் சொல்லத்தான் பார்ப்பார்கள்.

ஷிப்ட் மாறிவிடுமென்று தயங்கியிருக்கிறான். இப்போது ரோஸ்டர் வந்ததும் ஓய்வுநாளை அவனே அனுப்புகிறான், இடத்தை நான் சொல்கிறேன். நடுவில் மெசேஜ் இன்னும் குறைவுதான்; அது பரவாயில்லை.