தோணியை வள்ளம் என்று வாசித்த பிள்ளை: வாசிப்பு பற்றிய மீளாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில், தரம் 1 பிள்ளை ஒருத்தி எனக்கு வாசித்துக் காட்டினாள். படத்தின் கீழே 'தோணி' என்று எழுதியிருந்தது. அவள் தயங்காமல் 'வள்ளம்' என்றாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்து வாசிக்கப் பழக்கும் ஒலிமுறைக்காரர் இதைப் பிழை என்பார்: பிள்ளை எழுத்தைப் பார்க்கவே இல்லை. முழுமொழிக்காரருக்கு இது நல்ல அறிகுறி: பிள்ளை பொருளைப் பிடித்துவிட்டாள். பிள்ளை விருத்திப் பாடத்துக்கு இலக்கிய மீளாய்வு எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பார்வையையும் மனதில் வைத்துக்கொண்டே ஆய்வுகளைப் படிக்க வேண்டும். நான் வாசிக்கும் ஒப்படைகளில் பெரும்பாலானவை முதல் பந்தியிலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன.

முதல் தவறு, 'பார்த்துச் சொல்' முறையையும் முழுமொழியையும் ஒன்றாக்குவது. பார்த்துச் சொல் முறையில், மின்னட்டையில் உள்ள சொல்லை முழு வடிவமாக மனதில் பதிக்கச் சொல்வார்கள். முழுமொழி அப்படியல்ல. உண்மையான கதைகளை வாசிக்கும்போது, சூழலையும் இலக்கணத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பிள்ளை பொருளை ஊகித்துக்கொள்ளும் என்பது அதன் நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு அடித்தளமிட்ட, கென்னத் குட்மன் வாசிப்பை ஓர் ஊக விளையாட்டு என்று வர்ணித்த கட்டுரை வந்தது 1967இல். வாசிப்புக் கற்பிக்கும் முறைகளை ஒப்பிட்ட ஜீன் சாலின் புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. அவர் அலசியது அதற்கு முந்திய ஆய்வுகளை. ஆகவே 'முழுமொழி தோற்றதைச் சால் நிரூபித்தார்' என்று எழுதினால், அன்று இன்னும் வகுப்பறைக்கு வராத ஒன்றைத் தோற்றதாகச் சொல்கிறோம்.

இரண்டாவது தவறுதான் அதிகம் காணப்படுவது: ஓர் எண்ணை எடுத்து வைத்துவிட்டு, அது எதோடு ஒப்பிட்டுக் கிடைத்தது என்று சொல்லாமல் விடுவது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கை வெளியிட்டது. அதன் ஒலிமுறைப் பகுதியை லின்னியா ஈரி குழுவினர் 2001இல் கட்டுரையாகவும் தந்தார்கள். 38 ஆய்வுகள், 66 ஒப்பீடுகள், சராசரி விளைவளவு 0.41. இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: ஒப்பீட்டு வகுப்பில் 100 பிள்ளைகளை வாசிப்புத் திறன்படி நிறுத்தினால், முறையான ஒலிமுறையில் படித்த சராசரிப் பிள்ளை நடுவில் நிற்காமல் ஏறக்குறைய 34ஆம் இடத்துக்கு முன்னேறும். நல்ல பலன்தான்.

ஆனால் அந்த 66 ஒப்பீடுகளிலும் எதிரே இருந்தது முழுமொழி மட்டும் அல்ல. பார்த்துச் சொல், வழக்கமான பாடநூல் வகுப்பு எல்லாம் அதில் கலந்திருந்தன. முழுமொழியோடு மட்டும் ஒப்பிட்டவை 12. அவற்றில் விளைவு 0.31. அப்புறம், 2003இல் கமிலி குழுவினர் ஏறக்குறைய அதே ஆய்வுகளை மறுபடி அலசியபோது மொத்த விளைவு 0.24 ஆகக் குறைந்தது. ஈரி குழுவினரின் கணக்கிலேயே, தரம் 1க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம், கருத்து விளங்கி வாசிப்பதில் பலன் மிகச் சிறியதாகவே இருந்தது. ஒலிமுறை உதவுகிறது என்ற முடிவு இதனால் விழுந்துவிடாது. எந்த வயதில், எந்தத் திறனில், எதோடு ஒப்பிட்டு என்ற மூன்றையும் எண்ணோடு சேர்த்தே எழுத வேண்டும், அவ்வளவுதான்.

 

மூன்றாவது தவறை எங்கள் பக்கத்து ஆசிரிய மாணவர்கள்தான் கவனிக்க வேண்டும்: ஆங்கில ஆய்வுகளின் முடிவைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவருவது. மேலே சொன்னவை ஆங்கில வாசிப்பைப் பற்றிய ஆய்வுகள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்குப் பல ஒலி, ஓர் ஒலிக்குப் பல எழுத்து. தமிழில் பிள்ளைக்கு வருகிற சிக்கல் வேறு. அதே 'தோணி'யைப் பாருங்கள். 'தோ'வில் முதலில் இரட்டைக் கொம்பு, நடுவில் த, கடைசியில் கால். கொம்பும் காலும் சேர்ந்தால்தான் ஓ என்ற ஒரே உயிரொலி. ஆனால் காதில் முதலில் விழுவது த் என்ற மெய். கண் போகிற வரிசையும் காது கேட்கிற வரிசையும் இங்கே ஒன்றல்ல. இதை ஆங்கில ஒலிமுறைப் படிமுறை எதுவும் தொடுவதில்லை. அதோடு, 'கல்', 'தங்கம்' இரண்டிலும் எழுத்து க தான், ஒலி வேறு.

சொனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் நமக்குக் கிட்டியது. உயிர்மெய் போன்ற அசையெழுத்துகளைக் கற்று முடிக்க, ஆங்கில அரிச்சுவடியைவிடக் கூடுதல் ஆண்டுகள் பிடிக்கின்றன. சொல்லை அசையாகப் பிரிக்கும் திறன் முதலில் வருகிறது, தனித்தனி ஒலியாகப் பிரிக்கும் திறன் மெதுவாகத்தான் வருகிறது. ஆகவே 0.41ஐ எழுதிவிட்டு 'எனவே மட்டக்களப்பு முன்பள்ளிகளிலும் ஒலிமுறையே' என்று முடிக்கும் மீளாய்வு, நடுவில் ஒரு படியைத் தாண்டிவிடுகிறது.

அந்தப் பிள்ளையிடம் படத்தைக் கையால் மறைத்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். 'தா...ணி' என்றாள். த, கால், ணி எல்லாம் தெரிந்திருந்தது. இரட்டைக் கொம்பை மட்டும் தாண்டிப் போய்விட்டாள்.