பிஎஸ்4 கேம் பிஎஸ்5-ல் வேகமாக ஓடுமா?

லோடிங் நேரம் கண்டிப்பாகக் குறையும், அதுவும் கேமை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் போடாமல் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் வைத்தால் இன்னும் நன்றாகவே தெரியும். ஃப்ரேம் ரேட் கதை வேறு. கேமை எழுதியவர்களே நொடிக்கு 30 ஃப்ரேம் என்று பூட்டு போட்டிருந்தால், கன்சோலுக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும் 30-தான். பிளட்போர்ன் இன்றும் அப்படித்தான். பூட்டு இல்லாமல், பழைய மெஷினில் திணறிய கேம்களுக்குத்தான் உண்மையான லாபம்.

இதில் ஒரு வேடிக்கை, தி லாஸ்ட் கார்டியன். டிஸ்க்கில் உள்ள முதல் பதிப்பில் பூட்டு கிடையாது, அதனால் பிஎஸ்5-ல் 60 ஃப்ரேம் வரை போகிறது. பின்னால் வந்த அப்டேட்தான் 30-க்கு இறுக்கிவிட்டது! ஆகவே இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டால் செய்யுங்கள். ஏற்கனவே அப்டேட் ஆகிவிட்டதா? சரி, கேமை அழித்துவிட்டு மறுபடி ஆஃப்லைனில் போடுங்கள். டிஜிட்டலாக வாங்கியவர்களுக்கு இது நடக்காது, டவுன்லோடில் புதிய பதிப்புதான் வரும்.

எல்லா கேமுக்கும் இப்படிச் செய்யாதீர்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 (2020) நேர்மாறு: அதற்கு பிஎஸ்5-ல் 60 ஃப்ரேம் தருவதே அப்டேட்தான்.