வாளியும் போனும் வைத்துக் குழாயின் வேகத்தை அளக்கும்போது செய்யும் தவறுகள்

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்கு வந்த இடத்தில், குளியலறைக் குழாயில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வருகிறது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்தான். அரைகுறையாக உள்ளே தெரிகிற வெள்ளை பிளாஸ்டிக் வாளியின் வெளிப்பக்கத்தில் அடியிலிருந்து சென்டிமீட்டர் கோடுகள் போட்டான். குழாயைத் திறந்துவிட்டு வாளியை அடியில் தள்ளினான். தங்கை கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடத்துக்கு ஒருமுறை "இப்ப" என்று சொல்ல, போனில் படம் எடுத்தான்.

ஐந்து படங்கள். முதல் அரை நிமிடத்தில் தண்ணீர் 6.3 செ.மீ. ஏறியிருந்தது. அப்புறம் 5.7, 5.3, 4.9, கடைசியில் 4.6.

"அத்தை, மாடித் தொட்டி காலியாகுது போல. தண்ணி வேகம் குறைஞ்சுகிட்டே வருது."

"தொட்டியில ஐநூறு லிட்டர் இருக்குடா. நீ பிடிச்சது ஒரு வாளி. வாளியைக் கவுத்து வச்சுப் பாரு."

இந்த அளவீட்டில் பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். வாளி உருளை அல்ல. மேலே போகப் போக அகலும். இந்த வாளியின் உள்விட்டம் அடியில் 24 செ.மீ., 30 செ.மீ. உயரத்தில் உள்ள விளிம்பில் 30 செ.மீ. அடிப்பக்கத்து 5 செ.மீ. பட்டையில் ஏறக்குறைய 2.4 லிட்டர் பிடிக்கும். 20 முதல் 25 செ.மீ. வரையுள்ள பட்டையில் 3.2 லிட்டர். உயரத்தைக் கன அளவாக மாற்றிப் பார்த்தால், பையனின் ஐந்து படங்களும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: ஒவ்வொரு அரை நிமிடத்துக்கும் 3 லிட்டர். குழாயின் வேகம் மாறவே இல்லை. அத்தை சொன்ன தொட்டிக் கணக்கும் சரி. தண்ணீர் மட்டம் குழாய்க்கு மேல் 3 மீட்டரில் இருந்தால், 15 லிட்டர் எடுத்ததும் அது சில சென்டிமீட்டர்தான் இறங்கும். வேகத்தில் அது ஒரு சதவீதம்கூடக் குறைக்காது.

அதனால் ஸ்கேலை வைத்துக் கோடு போடாமல், லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றிக் கோடு போடுவது நல்லது. மேலே போகப் போகக் கோடுகள் நெருங்கி வரும், அது இயல்புதான். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வாய்வரை நிரப்பினால் ஒரு லிட்டருக்கு மேலேயே பிடிக்கும். சமையலறைத் தராசில் 1 கிலோ தண்ணீர் நிறுத்து ஊற்றினால் சந்தேகமே இல்லை.

புதுக் கோடுகளோடு பையன் மறுபடி அளந்தான். தங்கை விளையாடப் போய்விட்டதால் இந்தமுறை தனியாள். குழாயைத் திறந்து, போனை எடுத்து, கேமராவைத் திறப்பதற்குள் வாளியில் தண்ணீர் ஏறிவிட்டது. மூன்று படங்களில் அளவுகள் 2.4, 5.5, 8.3 லிட்டர். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே ஒரு நிமிடம் என்று எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 8.3 லிட்டர் என்று எழுதிவிட்டான்!

முதல் படத்திலேயே இருந்த 2.4 லிட்டரை அவன் கழிக்கவில்லை. வாளியில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது இங்கே தேவையே இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவே எவ்வளவு கூடியது, எவ்வளவு நேரம் ஆனது, இவை போதும். குழாயைத் திறந்த நொடிகூடத் தெரிய வேண்டியதில்லை.

நேரத்தையும் அவன் உத்தேசமாக 30 நொடி, 30 நொடி என்று வைத்திருந்தான். கேலரியில் பல போன்கள் மணியும் நிமிடமும் மட்டுமே காட்டும். ஆனால் பல போன்களில் கோப்பின் பெயரிலேயே நொடியும் இருக்கும்:

```
IMG_20250511_071004.jpg
IMG_20250511_071035.jpg
IMG_20250511_071103.jpg
```

கடைசி ஆறு இலக்கங்கள் மணி, நிமிடம், நொடி. அதாவது இடைவெளிகள் 31 நொடியும் 28 நொடியும். 31 நொடியில் 3.1 லிட்டர், 28 நொடியில் 2.8 லிட்டர்; இரண்டுமே நொடிக்கு 0.1 லிட்டர், நிமிடத்துக்கு 6 லிட்டர். இரண்டையும் 30 நொடி என்று வைத்திருந்தால் 6.2, 5.6 என்று வந்து, குழாய் மறுபடி 'வேகம் குறைந்திருக்கும்'.

படம் எடுக்கும் கோணமும் ஏமாற்றும். நின்றபடி சாய்வாகக் கீழே பார்த்து எடுத்தால், தண்ணீரின் மேற்பரப்பு முட்டை வடிவமாகத் தெரியும். நம் பக்கத்து விளிம்பு ஒரு கோடு, எதிர்ப்பக்க விளிம்பு இன்னொரு கோடு; இரண்டுக்கும் நடுவே பல சென்டிமீட்டர் இருக்கும். எதிர்ப்பக்கக் கோட்டைப் படித்தால் தண்ணீர் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். போனைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிடும். மட்டம் ஏறிக்கொண்டே போவதால் போனும் ஏற வேண்டும். ஒரு ஸ்டூலில் நிறுத்தி வைத்துவிட்டால் நடுவில் ஒரு படம் மட்டுமே சரியாக அமையும்.

அலையடிப்பது தனித் தொல்லை. குழாய்க்கு நேர்கீழே மட்டம் குதித்துக்கொண்டே இருக்கும். ஒரு துண்டு ஹோஸை மாட்டி அடிவரை விட்டால் அடங்கும், ஆனால் ஹோஸே வேகத்தைக் கொஞ்சம் மாற்றிவிடலாம். பையன் அதைச் செய்யவில்லை. கொட்டுமிடத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கோடு போட்டு அங்கேயே படித்தான், கால் லிட்டர் முன்னே பின்னே இருக்கும் என்று பக்கத்தில் எழுதி வைத்தான்.