ஐந்து வீட்டுப் புதிருக்குக் கட்டம் போடும் முறை

வரிசையாக ஐந்து வீடுகள்; ஒவ்வொன்றுக்கும் நிறம், குடியிருப்பவரின் நாடு, பானம், பிராணி, சிகரெட் வெவ்வேறு. குறிப்புகளை வைத்து எந்த வீட்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் புதிர். மேல் வரிசையில் வீட்டு எண் 1 முதல் 5 வரை எழுதுங்கள். இடப்பக்கம் நிறம், நாடு, பானம், பிராணி, சிகரெட் என ஐந்து வரிசைகள். பலர் நாட்டை மேலே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் யார் யாருக்குப் பக்கத்து வீடு என்பதே கண்ணில் படாது.

முதலில் இடம் உறுதியான குறிப்புகள்: நார்வேக்காரர் 1, பால் 3. நார்வேக்காரருக்கு அடுத்தது நீல வீடு, ஆகவே நீலம் 2.

பச்சை வீடு வெள்ளைக்கு ஒட்டி இடப்பக்கம் என்பதை 'பச்சை|வெள்ளை' என்று ஒரே துண்டாக ஓரத்தில் எழுதி, கட்டத்தில் நகர்த்திப் பாருங்கள். 1-2, 2-3 இரண்டையும் நீலம் தடுக்கிறது. பச்சை வீட்டில் காபி, மூன்றாம் வீட்டிலோ பால். அதனால் 3-4 ஆகாது. மிஞ்சுவது 4-5. சிவப்பு வீடு இங்கிலாந்துக்காரருடையது, எனவே சிவப்பு 3, மஞ்சள் 1.

வெறுமனே 'பக்கத்தில்' என்றிருந்தால் இரு பக்கமும் சாத்தியம். அதைப் பென்சிலில் மட்டும் குறியுங்கள்.