மாறா அமுக்கத்தில் அந்தக் கூடுதல் வெப்பம் எங்கே போகிறது? உயர்தர விடைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள்

கொழும்பில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளின் விடைகளைத் திருத்தும்போது, வாயுக்களின் வெப்பக் கொள்ளளவில் ஒரே இடறலை மறுபடி மறுபடி காண்கிறேன். சூத்திரம் தெரியாமல் வரும் பிழையல்ல அது. Cₚ − Cᵥ = R என்று எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். அந்த R எதற்குச் செலவாகிறது என்பதில்தான் கால் வழுக்குகிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உராய்வற்ற முசலம் பொருத்திய உருளையில் 2 மூல் நைதரசன் இருக்கிறது. அமுக்கம் 1.0 × 10⁵ பாஸ்கல், வெப்பநிலை 300 கெல்வின். அதாவது நம் ஊரின் சாதாரண 27 பாகை. முசலம் தாராளமாக நகரும் நிலையில் வாயுவை 360 கெல்வின் வரை சூடாக்குகிறோம். நைதரசனின் Cₚ ஒரு மூலுக்கு, ஒரு கெல்வினுக்கு 29.1 யூல், Cᵥ 20.8 யூல். கொடுத்த வெப்பம் எவ்வளவு, அகச்சக்தி எவ்வளவு கூடியது?

வெப்பத்தை எல்லோரும் சரியாகக் கண்டுவிடுகிறார்கள்:

Q = nCₚΔT = 2 × 29.1 × 60 = 3492 யூல்

அடுத்த வரியில் ΔU-க்கும் அதே 3492 வந்து நிற்கிறது. கேட்டால், "அமுக்கம்தானே மாறவில்லை, அப்படியானால் Cₚ தானே?" என்கிறார்கள். Cᵥ-ஐப் பயன்படுத்த அவர்களுக்குத் தயக்கம். கனவளவு மாறுகிறதே என்று அஞ்சுகிறார்கள்.

இலட்சிய வாயுவின் அகச்சக்தி வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. 300-இலிருந்து 360-க்கு எந்த வழியில் போனாலும் அதன் மாற்றம் ஒன்றுதான். கனவளவை மாறாமல் பிடித்துச் சூடாக்கினால் வாயு வேலை எதுவும் செய்வதில்லை, கொடுத்த வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்குகிறது. ஆகவே அந்த மாற்றத்தை அளக்கத் தோதான இடம் அது. அங்கே அளந்த ΔU = nCᵥΔT, முசலம் நகரும்போதும் செல்லும்: 2 × 20.8 × 60 = 2496 யூல்.

மிச்சம் 996 யூல். அதைத் தனியாகத் தேடிப் பாருங்கள். PV = nRT-இன்படி தொடக்கக் கனவளவு 49.86 லீற்றர், இறுதியில் 59.83 லீற்றர். கூடியது 9.97 லீற்றர். அமுக்கத்தால் பெருக்கினால் 997 யூல். முசலத்தை வெளியே தள்ள வாயு செய்த வேலை இதுதான். ஒரு யூல் வித்தியாசம் தசமங்களைச் சுருக்கியதால் வந்தது. விடையைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை: Q − ΔU உங்களுக்கு nRΔT ஆக வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

இங்கிருந்தே இன்னொரு தவறு கிளைக்கிறது. முசலத்தின் மேல் பாரம் வைத்து அமுக்கத்தை இரட்டிப்பாக்கினால், வேலையும் வெப்பமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. இரட்டை அமுக்கத்தில் அதே வாயுவின் கனவளவு பாதி, ஆகவே விரிவும் பாதி. PΔV அதே 997 யூல்தான். R-இல் அமுக்கத்துக்கு இடமே இல்லை என்பதன் பொருள் இதுவே.

எண்களை மட்டும் மனனம் செய்வதும் ஆபத்து. 20.8 என்பது நைதரசனுக்கு Cᵥ. ஓரணு வாயுவான ஆகனுக்கு அதே எண் Cₚ. வாயு மாறும்போது இரண்டும் மாறும், விகிதமும் மாறும். வித்தியாசம் மட்டும் R ஆகவே நிற்கும்.

அலகையும் கவனியுங்கள். வளிக்கு Cₚ 1005, Cᵥ 718 என்று தந்தால் அவை கிலோகிராமுக்கு உரியவை. அவற்றின் வித்தியாசம் 287, 8.31 அல்ல. 8.31-ஐ வளியின் மூலர்த் திணிவான 0.029 கிலோகிராமால் வகுத்தால் அந்த 287 கிடைக்கும். 1005-இலிருந்து 8.31-ஐக் கழித்து Cᵥ-ஐ 997 என்று எழுதுபவர்கள் விகிதத்தைப் பார்த்தால் போதும்: வளிக்கு 1.4 வர வேண்டியது 1.01 ஆக வந்திருக்கும்.

கடைசியாக, அறைக் கணக்கு. கதவு பூட்டிய அறை என்றதும் மாறாக் கனவளவு என்று முடிவுகட்டி Cᵥ-ஐப் போட்டுவிடுகிறார்கள். 40 கன மீற்றர் அறையில் ஏறத்தாழ 46 கிலோகிராம் வளி இருக்கும். குளிரூட்டி அதை 32 பாகையிலிருந்து 24-க்கு இறக்கும்போது வளி சுருங்க, கதவு இடுக்குகளால் வெளிவளி உள்ளே வருகிறது. அமுக்கம் வளிமண்டல அமுக்கமாகவே இருக்கிறது. எனவே Cₚ தான் பொருந்தும்: 46 × 1005 × 8, சுமார் 370 கிலோயூல். Cᵥ-ஐப் போட்டால் 264 தான் வரும். இதுவும் உலர் வளிக்கான கணக்கே. கொழும்பின் ஈர வளியில், குளிரூட்டியின் குழாயால் கால் லீற்றர் நீர் வடிந்தாலே, அந்த ஆவி ஒடுங்கும்போது விட்ட மறைவெப்பம் மட்டும் ஏறத்தாழ 600 கிலோயூல்.