பேசியதற்கு மேல் செய்த வேலைக்குப் பணம் வாங்குவது எப்படி? ஒரு வலைத்தள வேலையின் கணக்கோடு

பெங்களூரில் தனியாக வலைத்தளம், டிசைன் வேலை எடுத்துச் செய்யும் நம் ஆட்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கிளையன்டும் தமிழராக இருப்பார், யாராவது தெரிந்தவர் மூலம் வந்திருப்பார். "தம்பி, இதையும் அப்படியே சேர்த்துடுங்க" என்பார். மறுக்க வாய் வராது. கடைசியில் பாதி வேலை கணக்கிலேயே இருக்காது. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, எப்படிக் கேட்பது, தர மறுத்தால் என்ன செய்வது என்று ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

மடிவாளாவில் இருக்கும் ஒரு டெவலப்பர், அல்சூரில் கிளினிக் நடத்தும் ஒரு டாக்டருக்கு வலைத்தளம் செய்து தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொட்டேஷனில் எழுதியிருப்பது: ஆங்கிலத்தில் 8 பக்கங்கள், 2 சுற்றுத் திருத்தம், மொத்தம் ₹80,000. பாதி அட்வான்ஸ், மீதி ₹40,000 தளம் திறக்கும்போது. டெவலப்பர் இதை 80 மணி நேர வேலை என்று கணக்கிட்டு, அதையும் கொட்டேஷனிலேயே எழுதியிருந்தார். அதாவது மணிக்கு ₹1,000. இந்த ஒரு வரி பிறகு எவ்வளவு உதவப்போகிறது என்று பாருங்கள்.

வேலை முடியும் தறுவாயில் கூடுதலாகச் சேர்ந்திருப்பவை: 8 பக்கங்களுக்கும் கன்னட வடிவம், ஆன்லைன் அப்பாயின்ட்மென்ட் வசதி, மூன்றாவது நான்காவது சுற்று நிற மாற்றங்கள், கிளினிக் போட்டோக்களை வெட்டித் திருத்தியது, தொடர்புப் பக்கத்தில் வரைபடம், வேலை செய்யாத படிவத்தைச் சரிசெய்தது.

படி 1: எது உண்மையிலேயே கூடுதல் என்று பிரியுங்கள்

கொட்டேஷனை ஒரு பக்கம், வாட்ஸ்அப் உரையாடலை இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். படிவம் வேலை செய்யாதது உங்கள் பிழை. அதற்கு எத்தனை மணி நேரம் போயிருந்தாலும் பில்லில் வரக்கூடாது. வரைபடம் இல்லாத தொடர்புப் பக்கத்தை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள், அதையும் விட்டுவிடுங்கள். இப்படிச் சந்தேகத்துக்கு இடமான சின்ன விஷயங்களைச் சேர்த்தால் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டு முழு பில்லையும் கேள்வி கேட்பார்.

மிச்சம் நான்கு. கன்னடப் பக்கங்கள் 16 மணி, அப்பாயின்ட்மென்ட் 20 மணி, கூடுதல் இரண்டு சுற்றுத் திருத்தம் 6 மணி, போட்டோ வேலை 5 மணி. மொத்தம் 47 மணி நேரம், ₹47,000. புதிய விலை எதையும் கண்டுபிடிக்காதீர்கள். டாக்டர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மணிக்கூலியையே போட்டால், விலை அநியாயம் என்று அவர் சொல்வது கடினம்.

படி 2: ஒவ்வொன்றையும் அவர் கேட்டதற்கான சான்று தேடுங்கள்

சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், எதைத் தேட வேண்டும் என்பதும் தெரியும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-வது பிரிவு இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவருக்கு முறைப்படி ஒரு வேலையைச் செய்து, அதன் பலனை அவர் அனுபவித்தால், அவர் அதற்கு ஈடு தர வேண்டும், அல்லது பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் என்ற ஒப்பந்ததாரருக்கும் நடந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணம். அதிகாரிகள் கேட்டபடி அவர் கட்டுமான வேலைகளைச் செய்து கொடுத்தார், முறையான ஒப்பந்தம் இல்லை. அரசு அவற்றைப் பயன்படுத்தியதால், இந்தப் பிரிவின் கீழ் பணம் தரத்தான் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தீர்ப்பளித்தது.

ஆக, மூன்று கேள்விகள். அது பேசிய வேலைக்கு வெளியே இருக்கிறதா? இலவசம் இல்லை என்பது தெரியும்படி செய்தீர்களா? அவர் அதைப் பயன்படுத்துகிறாரா? முதல் கேள்விக்கு "இல்லை" என்றால் இந்தப் பிரிவு உதவாது, ஒப்பந்த விலைக்குள் அது அடங்கிவிடும். நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் சறுக்குகிறார்கள். டாக்டர் கேட்டதும் "பரவாயில்லை டாக்டர், பண்ணிடலாம்" என்று பதில் போட்டிருந்தால், அது அன்பளிப்பு என்று அவர் வாதிட இடம் கொடுத்துவிட்டீர்கள்.

வாட்ஸ்அப்பில் Export chat கொடுத்து முழு உரையாடலையும் சேமியுங்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. போனையும் அப்படியே வைத்திருங்கள். நீதிமன்றத்துக்குப் போனால், மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும், மூலச் சாதனம் கையில் இருந்தால் அது எளிது.

நம் உதாரணத்தில் கன்னடம், அப்பாயின்ட்மென்ட், நிற மாற்றம் மூன்றையும் டாக்டர் எழுத்தில் கேட்டிருக்கிறார். போட்டோ வேலையைப் போனில் சொன்னார், எதுவும் பதிவில் இல்லை. அதற்கு இப்போதே ஒரு செய்தி அனுப்புங்கள்: "டாக்டர், போன வாரம் போனில் நீங்கள் சொன்னபடி கிளினிக் போட்டோக்களைத் திருத்திப் போட்டாச்சு. பார்த்துச் சொல்லுங்கள்." அவர் "நல்லா இருக்கு" என்று பதில் போட்டாலே, அவர் கேட்டதும் பெற்றுக்கொண்டதும் பதிவாகிவிடும்.

படி 3: இன்னும் கையை விட்டுப் போகாததை நிறுத்தி வையுங்கள்

கன்னடப் பக்கங்கள் இன்னும் உங்கள் சோதனைத் தளத்தில்தான் இருக்கின்றன என்றால், அங்கேயே இருக்கட்டும். "கூடுதல் வேலைக்கான தொகையைப் பேசி முடித்ததும் திறந்துவிடுகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே திறந்துவிட்ட தளத்தை ஒருபோதும் முடக்காதீர்கள். பாஸ்வேர்ட் இன்னும் உங்களிடம் இருக்கிறது என்பதற்காக உள்ளே போய் நிறுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவைக் காட்டி அவர் உங்கள் மேலேயே இழப்பீடு கேட்கலாம். பணம் வர வேண்டியவர் ஒரே இரவில் பதில் சொல்ல வேண்டியவராக மாறிவிடுவார்.

படி 4: இரண்டு தனி பில்கள்

இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மீதி ₹40,000-க்கு ஒரு பில், கூடுதல் வேலைக்கு இன்னொரு பில். இரண்டையும் ஒன்றாக ₹87,000 என்று போட்டால், கூடுதல் பற்றிய தகராறு தீரும்வரை சந்தேகமே இல்லாத ₹40,000-மும் மாட்டிக்கொள்ளும்.

கூடுதல் பில்லில் ஒவ்வொரு வேலைக்கும் அவர் கேட்ட தேதி, மணி நேரம், தொகை மூன்றும் இருக்கட்டும். சான்று பலவீனமான போட்டோ வேலையை மறைக்காமல் ₹5,000 என்று காட்டி, கீழே "கழிவு ₹5,000" என்று போடுங்கள். ஆக ₹42,000. இலவசமாகக் கொடுத்தது இவ்வளவு என்று அவர் கண்ணால் பார்ப்பார், பேச்சுவார்த்தையில் இது உதவும். ஜிஎஸ்டி பதிவு உங்களுக்கு இருந்தால் 18% தனியே சேரும், இல்லையென்றால் சேர்க்கக்கூடாது.

கூடவே போகும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

"வணக்கம் டாக்டர். கொட்டேஷனில் இருந்த வேலைக்கான மீதி பில்லும், அதற்கு மேல் நீங்கள் கேட்டுச் செய்த வேலைக்கான பில்லும் இத்துடன் இருக்கின்றன. கூடுதல் வேலைக்கு முதலில் பேசிய அதே மணிக்கூலியைத்தான் போட்டிருக்கிறேன். எதிலாவது சந்தேகம் இருந்தால் எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதுங்கள், பேசித் தீர்க்கலாம். முதல் பில்லை வழக்கம்போல முடித்துவிடுங்கள்."

டாக்டர் ₹40,000 அனுப்பி, குறிப்பில் "முழு செட்டில்மென்ட்" என்று போடலாம். பணம் வந்த மகிழ்ச்சியில் சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே எழுதுங்கள்: "₹40,000 முதல் பில்லுக்காகப் பெற்றுக்கொண்டேன். இரண்டாவது பில் ₹42,000 நிலுவையில் உள்ளது."

படி 5: பேரம் பேசினால்

"அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வெப்சைட்டிலேயே வராதா?" என்பார். கொட்டேஷனின் பட்டியலைக் காட்டுங்கள், அதற்கு மேல் வாதம் வேண்டாம். ₹25,000 தருகிறேன் என்றால் மணிக்கூலியைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "கன்னடப் பக்கங்களை இப்போது விட்டுவிடலாம் டாக்டர், மற்ற இரண்டுக்கும் ₹26,000." விலை ஒருமுறை இறங்கினால் அடுத்த வேலையிலும் அதுதான் உங்கள் விலை. வேலையைக் குறைத்தால் விலை நிற்கும், அவருக்கும் விருப்பப்பட்டபோது கன்னடத்தை வாங்கிக்கொள்ள வழி இருக்கும்.

படி 6: பதிலே வராவிட்டால்

குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இங்கே கைகொடுக்கும். இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், சேவைத் தொழில் செய்யும் தனிநபரும் பதியலாம். ஆனால் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பதிந்திருப்பதுதான் பாதுகாப்பு, தகராறு வந்த பிறகு பதிந்தால் அந்தத் தேதியைக் காட்டியே எதிர்ப்பார்கள்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு தொழில்களுக்கான சட்டப்படி, எழுத்தில் காலக்கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. காலக்கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஒப்படைத்த 15 நாளுக்குள் அவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதனால் ஒப்படைத்த நாளைத் தெளிவாக ஒரு மெயிலில் பதிவு செய்யுங்கள்.

இந்த விவரங்களோடு ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், பலர் இந்தக் கட்டத்திலேயே பேச வருவார்கள். வராவிட்டால் இந்தச் சட்டத்தின் கீழ் அரசின் இணையதளத்தில் மனு போடலாம். அது இப்படித் தாமதமாகும் பில்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போகும், மன்றம் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் விசாரணை. மன்றம் பில்லையும் வேலை ஆணையையும் கேட்கும், படி 2-இல் சேர்த்ததெல்லாம் அங்கே போய் நிற்கும். உத்யம் இல்லாதவருக்கு வக்கீல் நோட்டீஸ், சிவில் வழக்கு என்ற வழி இருக்கிறது. வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். ₹42,000-க்கு அந்தச் செலவு கட்டுமா என்பதை முதலில் வக்கீலிடமே கேட்டுவிடுங்கள்.

அடுத்த வேலைக்கு

கூடுதலாக ஏதாவது கேட்ட அன்றே, தொடங்குவதற்கு முன் இப்படி ஒரு செய்தி போடுங்கள்:

"டாக்டர், அப்பாயின்ட்மென்ட் வசதி நம் கொட்டேஷனில் இல்லை. சுமார் 20 மணி நேர வேலை, ₹20,000 ஆகும். தளம் திறக்கும் நாள் ஒரு வாரம் தள்ளிப்போகும். 'சரி' என்று பதில் போட்டால் தொடங்கிவிடுகிறேன்."

என்ன வேலை, எவ்வளவு, எத்தனை நாள் தள்ளும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நாளைக் குறிப்பிடாமல் விட்டால், பணத்தைத் தந்துவிட்டுத் தாமதம் என்று மீதியில் பிடிப்பார்கள். "சரி" வரும்வரை அந்த வேலையைத் தொடாதீர்கள். பழைய வேலை மட்டும் நிற்காமல் நடக்கட்டும்.